இரண்டு படங்களுக்கு நடுவே இருக்கும் நேரம்: புகைப்படங்களை நிகழ்வுவாரியாகப் பிரிக்கும் முறை

அக்காவின் லேப்டாப்பில் பல வருடத்துப் படங்கள் ஒரே ஃபோல்டரில் குவிந்து கிடந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அவற்றை நிகழ்வுவாரியாகப் பிரித்துக் கொடுத்தேன். சித்திரைத் திருவிழா தனியாக, மகளின் பிறந்தநாள் தனியாக, கொடைக்கானல் போய்வந்தது தனியாக என்று வந்து நின்றது. அக்கா வியப்போடு கேட்டார்: “இது திருவிழா, இது பிறந்தநாள் என்று கம்ப்யூட்டருக்கு எப்படித் தம்பி தெரிந்தது?”

அதற்குத் தெரியாது. ஒரு படத்தைக்கூட அது திறந்து பார்க்கவில்லை. ஒவ்வொரு படமும் எப்போது எடுக்கப்பட்டது என்ற நேரத்தை மட்டும் வரிசையாகப் படித்தது. எங்கே நெடுநேரம் படமே எடுக்கப்படவில்லையோ அங்கே ஒரு கோடு கிழித்தது. பெயர் வைத்தது நான்.

இந்த முறையைப் பற்றிப் பேசுகிறவர்களிடம் இரண்டு தவறான எண்ணங்களைத் திரும்பத் திரும்பக் காண்கிறேன். முகத்தையும் இடத்தையும் அடையாளம் கண்டு பிரிக்கிறது என்பது ஒன்று. தேதிவாரியாகப் பிரிப்பதைத்தான் இப்படிப் பெரிதாகச் சொல்கிறார்கள் என்பது மற்றொன்று. இரண்டுமே சரியில்லை. குறிப்பாக இரண்டாவது எண்ணம் நல்ல தொகுப்புகளைக் கெடுத்துவிடுகிறது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

## மழை எப்போது நின்றது?

மழை பெய்துகொண்டிருக்கிறது. ஐந்து நிமிடம் விடுகிறது, மறுபடி தூறுகிறது. “இரண்டு மழை பெய்தது” என்று யாரும் சொல்வதில்லை. காலையில் பெய்து ஓய்ந்து, வெயில் அடித்து, துணியெல்லாம் காய்ந்த பிறகு மாலையில் மீண்டும் பெய்தால் மட்டும் “சாயங்காலம் மறுபடியும் மழை” என்கிறோம். இரண்டையும் பிரிப்பது மழையின் அளவு இல்லை. நடுவில் விட்ட நேரம்தான்.

படம் எடுப்பதும் அப்படியே. ஒரு விசேஷத்தில் இருக்கும்போது கை அடிக்கடி போனை எடுக்கிறது. அரை நிமிடத்தில் நான்கு, பிறகு பத்து நிமிடம் ஒன்றுமில்லை, பிறகு மீண்டும் மூன்று. விசேஷம் முடிந்ததும் பஸ், சாப்பாடு, தூக்கம். அப்போது படம் வருவதில்லை. அடுத்த விசேஷம் வந்தால்தான் மறுபடி தூறல் தொடங்குகிறது.

இங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஐப்பசி அடைமழையில் மூன்று மணி நேரம் விட்டால்கூட அது அதே மழைதான். கோடைமழை அரை மணி நேரம் விட்டால் கதை முடிந்தது. அதாவது எவ்வளவு நேரம் விட்டால் ‘நின்றது’ என்று சொல்லலாம் என்பது அந்தப் பருவத்தின் போக்கைப் பொறுத்தது. இந்த இடத்துக்குப் பின்னால் மீண்டும் வருகிறேன், முறையின் உயிரே இங்கேதான் இருக்கிறது.

## படத்துக்குள் எழுதியிருக்கும் நேரம்

போனோ கேமராவோ ஒரு படத்தைச் சேமிக்கும்போது அதன் கோப்புக்குள்ளேயே சில குறிப்புகளையும் எழுதி வைக்கிறது. இந்தக் குறிப்புத் தொகுதிக்கு எக்ஸிஃப் என்று பெயர். எந்தக் கேமரா, ஃபிளாஷ் எரிந்ததா, எத்தனை மணிக்கு என்பதெல்லாம் அதில் இருக்கும். நமக்கு வேண்டியது `DateTimeOriginal` என்ற ஒரே வரி. ஷட்டர் விழுந்த நொடி அது. இந்தக் கட்டுரையில் அதை ‘எடுத்த நேரம்’ என்று சொல்கிறேன்.

கம்ப்யூட்டரில் ஒரு கோப்பின் பக்கத்தில் தெரியும் ‘மாற்றிய தேதி’ இது இல்லை. பழைய போனிலிருந்து பென் டிரைவுக்கும் அங்கிருந்து புது லேப்டாப்புக்கும் நகலெடுத்தால் அந்தத் தேதி மாறிவிடக்கூடும். அதை நம்பிப் பிரித்தால் பத்து வருடத்துப் படங்களும் நகலெடுத்த அந்த ஒரு மதியத்தில் எடுத்தவையாகத் தெரியும். உள்ளே இருக்கும் எக்ஸிஃப் நேரம் நகலெடுப்பதால் மாறுவதில்லை.

எக்ஸிஃப்டூல் என்ற இலவச நிரல் இதைப் படித்துக் காட்டும். படங்கள் இருக்கும் ஃபோல்டரில் நின்றுகொண்டு இந்தக் கட்டளையை அடித்தால் ஒவ்வொரு கோப்பின் பெயரும் எடுத்த நேரமும் பட்டியலாக வரும்.

```
exiftool -T -FileName -DateTimeOriginal .
```

நேரம் இல்லாத கோப்புகளுக்கு அந்த இடத்தில் வெறும் `-` வரும். அவற்றை முதலிலேயே தனியே ஒதுக்கிவிட வேண்டும். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: நிகழ்வைப் பிரிப்பது நடுவில் விட்ட நேரம். அந்த நேரத்தைக் கணக்கிட, கோப்பின் தேதியை விட்டுவிட்டு, படத்துக்குள் எழுதியிருக்கும் எடுத்த நேரத்தை எடுத்துக்கொள்கிறோம்.

## இருபது படங்கள்

இப்போது அக்காவின் போனிலிருந்தே ஒரு துண்டை எடுத்துக்கொள்வோம். 2024 ஏப்ரல் 22 மாலை தொடங்கி மறுநாள் இரவு வரை இருபது படங்கள். மதுரைச் சித்திரைத் திருவிழா தெரிந்தவர்களுக்கு அந்த இரவு எப்படி நகரும் என்று சொல்ல வேண்டியதில்லை. அழகர்மலையிலிருந்து புறப்பட்டு வரும் கள்ளழகரை நகரத்து மக்கள் வழிநெடுக நின்று எதிர்கொண்டு அழைக்கும் எதிர்சேவை, இரவில் தல்லாகுளம் பெருமாள் கோயில், விடியும் நேரத்தில் வைகை ஆற்றில் இறங்குதல். தூங்குகிறவர்கள் குறைவு.

```
ஏப்ரல் 22
எதிர்சேவை    17:42  17:44  17:51  18:20  18:23
தல்லாகுளம்   23:38  23:52

ஏப்ரல் 23
தல்லாகுளம்   00:09  00:14
வைகை        05:31  05:33  05:50  05:52  05:52  06:04
டிபன்         07:25  07:27
பிறந்தநாள்    18:40  18:43  19:10
```

இடது பக்கம் உள்ள பெயர்கள் நமக்காக நான் எழுதியவை. கணினிக்குக் கிடைப்பது எண்கள் மட்டும்.

முதலில் தேதிவாரியாகப் பிரித்துப் பார்ப்போம். 22-ஆம் தேதி ஃபோல்டரில் ஏழு படங்கள், 23-ஆம் தேதி ஃபோல்டரில் பதின்மூன்று. தல்லாகுளத்தில் 23:52-க்கு எடுத்த படமும் 00:09-க்கு எடுத்த படமும் வெவ்வேறு ஃபோல்டரில் போய் விழுகின்றன. நடுவில் பதினேழே நிமிடம். ஒரே இடம், ஒரே கூட்டம், அக்கா நின்ற இடம்கூட மாறவில்லை. மறுபக்கம், வைகைக் கரையில் விடியலில் எடுத்ததும் அன்று மாலை வீட்டில் மகள் கேக் வெட்டியதும் ஒன்றாகக் கிடக்கின்றன. சேர்ந்திருக்க வேண்டியது பிரிந்து, பிரிய வேண்டியது சேர்ந்துவிட்டது. நள்ளிரவு பன்னிரண்டு என்பது காலண்டரின் எல்லை. நம் ஊர்த் திருவிழாக்களும் கல்யாணங்களும் அந்த எல்லையை மதித்து நடப்பவை இல்லை.

அடுத்து இடைவெளிகளைக் கணக்கிடுவோம். ‘இடைவெளி’ என்றால் ஒரு படத்துக்கும் அதற்கு அடுத்த படத்துக்கும் நடுவே உள்ள நேரம். இருபது படத்துக்குப் பத்தொன்பது இடைவெளிகள். நிமிடக் கணக்கில்:

```
2  7  29  3  [315]  14  17  5  [317]
2  17  2  0  12  [81]  2  [673]  3  27
```

பெரிய நான்கையும் அடைப்புக்குள் போட்டிருக்கிறேன். மற்றவை எல்லாம் அரை மணிக்குள் அடங்கிவிட்டன. எண்ணைப் பார்த்தாலே எங்கே மழை விட்டது என்று கண்ணுக்குத் தெரிகிறது.

இனி ஒரு ‘வரம்பு’ வேண்டும். இடைவெளி இந்த அளவைத் தாண்டினால் புது ஃபோல்டர் என்று நாம் வைக்கும் எண்தான் வரம்பு. வரம்பு ஒரு மணி நேரம் என்று வைத்தால் நான்கு இடத்தில் வெட்டு விழுந்து ஐந்து ஃபோல்டர் கிடைக்கும். டிபன் சாப்பிட்டதுகூடத் தனி ஃபோல்டர். இரண்டு மணி நேரம் என்றால் 81 நிமிட இடைவெளி தாண்டாது. டிபன் வைகையோடு சேர்ந்து நான்கு ஃபோல்டர்: எதிர்சேவை, தல்லாகுளம், வைகை, பிறந்தநாள். ஆறு மணி நேரம் என்றால் 315-ம் 317-ம்கூடத் தாண்டாது. திருவிழா முழுவதும் ஒன்று, பிறந்தநாள் ஒன்று என இரண்டே ஃபோல்டர்.

செயல்முறை இதற்கு மேல் ஒன்றும் இல்லை. பைத்தானில் எழுதினால் முழு இயந்திரமும் ஏழு வரி:

```python
GAP = 6 * 3600
photos.sort(key=lambda p: p.time)
groups = [[photos[0]]]
for a, b in zip(photos, photos[1:]):
    if (b.time - a.time).total_seconds() > GAP:
        groups.append([])
    groups[-1].append(b)
```

நேர வரிசைப்படி அடுக்கு. ஒவ்வொரு படத்தையும் அதற்கு முந்தையதோடு ஒப்பிடு. இடைவெளி வரம்பைத் தாண்டினால் புதுக் கட்டைத் தொடங்கு. தாண்டாவிட்டால் இருக்கும் கட்டிலேயே போடு. நிரலாக்கம் தெரியாதவர்கள் வரிகளை விட்டுவிட்டு இந்த நான்கு வாக்கியங்களை வைத்துக்கொள்ளலாம்.

## எது சரியான வரம்பு?

இரண்டு மணி நேரமா, ஆறு மணி நேரமா? இதற்குத்தான் ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள். ஆப்பிள் நிறுவனம் 2007-இல் வெளியிட்ட ஐஃபோட்டோவில் படங்களை நிகழ்வுகளாகத் தானே பிரிக்கும் வசதி வந்தது. ஒரு நாளுக்கு ஒன்று, ஒரு வாரத்துக்கு ஒன்று என்பவற்றோடு இரண்டு மணி நேர இடைவெளி, எட்டு மணி நேர இடைவெளி என்ற தேர்வுகளும் அதில் இருந்தன. ஒரே எண்ணைத் திணிக்காமல் சின்னது ஒன்று, பெரியது ஒன்று என்று வைத்தது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். ஏனென்றால் ‘நிகழ்வு’ என்பது ஒரே அளவில் வருவதில்லை. தல்லாகுளம் ஒரு நிகழ்வு. அது உட்கார்ந்திருக்கும் திருவிழாவும் ஒரு நிகழ்வு. பெரிய வரம்பு திருவிழாவைப் பிடிக்கிறது, சின்ன வரம்பு அதற்குள் இருக்கும் காட்சிகளைப் பிடிக்கிறது.

நம் இருபது படங்களில் இதை எண்ணாகவே காணலாம். இடைவெளிகளைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கினால் 673, 317, 315, 81, 29, 27 என்று இறங்குகிறது. 315-க்கும் 81-க்கும் நடுவே ஒரு பள்ளம் இருக்கிறது. அந்தப் பள்ளத்துக்குள் வரம்பை எங்கே வைத்தாலும், ஒன்றரை மணி நேரமானாலும் ஐந்து மணி நேரமானாலும், அதே நான்கு ஃபோல்டர்தான் வரும். 673-க்கும் 317-க்கும் நடுவே இன்னொரு பள்ளம். அங்கே ஐந்தரை மணி நேரமும் ஒன்றுதான், பதினொரு மணி நேரமும் ஒன்றுதான், எப்போதும் இரண்டு ஃபோல்டர். வரம்பைக் கொஞ்சம் அசைத்தால் விடை மாறுகிறதா, மாறாமல் நிற்கிறதா என்று பார்ப்பதே அது நல்ல வரம்பா என்பதற்கான சோதனை. ஐந்தேகால் மணி நேரத்தை ஒட்டி வரம்பை வைத்தால் இரண்டு நிமிட வித்தியாசத்தில் வைகை தனியாகிவிடும், தல்லாகுளம் எதிர்சேவையோடு ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்ட எண்ணைத் தவிர்க்க வேண்டும்.

நான் அக்காவுக்குச் செய்தது இரண்டு அடுக்கு. ஆறு மணி நேர வரம்பில் வெளி ஃபோல்டர், அதற்குள் இரண்டு மணி நேர வரம்பில் உள் ஃபோல்டர். நான்கு நாள் சுற்றுலாவுக்கு வெளி வரம்பை இன்னும் ஏற்ற வேண்டியிருக்கும். இரவு ஒன்பது மணிக்குக் கடைசிப் படம் எடுத்துவிட்டு மறுநாள் காலை எட்டுக்குத்தான் அடுத்தது என்றால் அதுவே பதினொரு மணி நேர இடைவெளி.

சுருக்கமாக: வரம்பு ஒன்றல்ல, தேவையைப் பொறுத்து இரண்டு. ஒவ்வொன்றையும் இடைவெளிகளுக்கு நடுவே இருக்கும் பள்ளத்தில் வைக்க வேண்டும்.

## அடைமழையும் கோடைமழையும்

இப்போது மழைக்குத் திரும்புகிறேன். அக்கா திருவிழாவில் ஒரு மணி நேரத்தில் ஐந்தாறு படம் எடுப்பவர். என் அப்பாவோ கொடைக்கானல் போனால் காலையில் ஏரிக்கரையில் ஒன்று, மூன்று மணி நேரம் கழித்துத் தூண்பாறையில் ஒன்று, மாலையில் அறையில் ஒன்று என்று எடுப்பவர். அக்காவுக்குப் பொருந்திய இரண்டு மணி நேர வரம்பை அப்பாவின் படங்களுக்கு வைத்தால் ஒவ்வொரு படமும் தனித்தனி ஃபோல்டராகிவிடும். படம் பதினைந்து, ஃபோல்டரும் பதினைந்து.

இடைவெளியை மணிக்கணக்கால் மட்டும் அளந்ததுதான் இங்கே நடந்த தவறு. அதை அக்கம்பக்கத்து இடைவெளிகளோடு ஒப்பிட்டு அளக்க வேண்டும். சுற்றிலும் பத்துப் பத்து நிமிடமாக வரும்போது மூன்று மணி நேரம் என்பது பெரிய மௌனம். சுற்றிலும் மூன்று மூன்று மணி நேரமாக வரும்போது அது வழக்கமான மூச்சு.

மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் 2000-களின் தொடக்கத்தில் வெளியிட்ட ஒரு முறை இதைத்தான் செய்கிறது. ஒவ்வொரு இடைவெளியையும் அதன் இருபுறமும் உள்ள பத்துப் பத்து இடைவெளிகளின் சராசரியோடு ஒப்பிடுகிறது. அதைப் போல் 17 மடங்கு அல்லது அதற்கு மேல் இருந்தால் அங்கே வெட்டு. அவர்கள் எடுக்கும் சராசரி சாதாரணக் கூட்டல் சராசரி அல்ல. இடைவெளிகளின் மடக்கையை எடுத்து, அதற்குச் சராசரி காண்கிறார்கள். அந்தக் கணக்குக்குள் நாம் போக வேண்டாம். ஏன் அப்படிச் செய்தார்கள் என்பது மட்டும் போதும்.

நம் பத்தொன்பது இடைவெளிகளைக் கூட்டினால் 1,528 நிமிடம். பத்தொன்பதால் வகுத்தால் சராசரி ஏறக்குறைய 80. ஆனால் அக்கா எண்பது நிமிடத்துக்கு ஒரு படம் எடுப்பவரா? இல்லவே இல்லை. மூன்று பெரிய இடைவெளிகள் சராசரியை இழுத்து மேலே தூக்கிவிட்டன. 80-ஐப் பதினேழால் பெருக்கினால் 1,360 நிமிடம், கிட்டத்தட்ட இருபத்து மூன்று மணி நேரம். அந்த வரம்பை எந்த இடைவெளியும் தாண்டாது, எல்லாப் படமும் ஒரே ஃபோல்டரில் கிடக்கும். மடக்கை அந்தப் பெரிய எண்களின் பலத்தைக் குறைத்துவிடுகிறது.

மடக்கை வேண்டாம் என்பவர்களுக்குப் பள்ளிக் கணக்கில் படித்த ‘இடைநிலை’ போதும். எண்களைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி நடுவில் நிற்பதை எடுப்பதுதான் இடைநிலை. நம் வரிசையில் பத்தாவதாக நிற்பது 12 நிமிடம். அக்காவின் வழக்கமான மூச்சு அதுதான். 12-ஐப் பதினேழால் பெருக்கினால் 204 நிமிடம். அதைத் தாண்டுபவை 315, 317, 673. விழும் வெட்டு மூன்று, கிடைப்பது நான்கு ஃபோல்டர். கண்ணால் பார்த்துக் கண்டுபிடித்த பள்ளத்துக்குள்ளேயே இந்த எண்ணும் வந்து உட்கார்ந்திருக்கிறது. 17 என்பது தொடங்குவதற்கு நல்ல எண், அவ்வளவுதான். உங்கள் படங்களில் வெட்டு அதிகம் விழுந்தால் ஏற்றுங்கள், குறைவாக விழுந்தால் இறக்குங்கள்.

## ஒரே ஒரு தவறான நேரம் செய்யும் கேடு

முறை எளிது என்றாலும் அதற்கு ஒரு பலவீனம் உண்டு. இரண்டு நிகழ்வுகளுக்கு நடுவே உள்ள மௌனத்தில் ஒரே ஒரு கோப்பு தவறிப்போய் விழுந்தால் போதும், அது பாலமாகி இரண்டு நிகழ்வையும் ஒட்டிவிடும். அக்காவின் தொகுப்பில் எனக்கு இது நடந்தது. காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு மாலை முழுவதும் பிடித்தது.

பிறந்தநாளில் 18:45-க்கு அக்கா ஒரு வீடியோவும் எடுத்திருந்தார். படங்களில் நேரம் உள்ளூர் நேரமாக எழுதப்படுகிறது. எம்பி4 வீடியோக்களில் பெரும்பாலான போன்கள் உலகப் பொது நேரத்தில் எழுதுகின்றன. இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னே இருப்பது. ஆகவே 18:45-க்கு எடுத்த வீடியோவின் நேரம் 13:15 என்று இருந்தது. டிபனுக்கும் பிறந்தநாளுக்கும் நடுவே 673 நிமிடம் இருந்ததல்லவா? அதற்குள் இந்த வீடியோ போய் நின்றது. 07:27-இலிருந்து 13:15 வரை 348 நிமிடம், அங்கிருந்து 18:40 வரை 325 நிமிடம். இரண்டுமே ஆறு மணி நேரத்துக்குள், அதாவது 360 நிமிடத்துக்குள் அடங்கிவிட்டன. வெட்டு விழவே இல்லை. திருவிழாவும் பிறந்தநாளும் ஒரே ஃபோல்டர்.

வைகைக் கரையில் எடுத்த இன்னொரு வீடியோ வேறு விதமாக ஏமாற்றியது. 05:45-க்கு எடுத்தது 00:15 என்று பதிவாகியிருந்தது. தல்லாகுளத்தின் கடைசிப் படம் 00:14. அதன் வாலிலேயே போய் ஒட்டிக்கொண்டதால் இடைவெளிகள் எதுவும் கெடவில்லை. எண்களைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. நள்ளிரவுப் படங்களுக்கு நடுவே விடிந்த வானம் தெரிந்தபோதுதான் உறைத்தது. ஆகவே பிரித்த பிறகு ஒவ்வொரு ஃபோல்டரின் முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் கண்ணால் பார்க்கிறேன். வெளிச்சம் பொருந்துகிறதா என்று பார்த்தால் பாதித் தவறு அகப்பட்டுவிடும். வீடியோ நேரத்தை உள்ளூர் நேரமாக மாற்றிப் படிக்க எக்ஸிஃப்டூலிலேயே வழி உண்டு.

```
exiftool -api QuickTimeUTC -T -FileName -CreateDate *.mp4
```

அடுத்த பாலம் வாட்ஸ்அப். அதில் படமாக அனுப்பினால் எக்ஸிஃப் குறிப்புகள் நீங்கிவிடுகின்றன. `IMG-20240423-WA0007.jpg` என்பது போன்ற பெயர்தான் மிஞ்சும். அதில் தேதி உண்டு, மணி இல்லை. அந்தத் தேதியும் உங்கள் போனுக்கு வந்த நாளே தவிர எடுத்த நாள் அல்ல. போன வருடக் கல்யாணப் படத்தைச் சித்தி இன்று அனுப்பினால் இன்றைய தேதிதான் பெயரில் வரும். இத்தகைய கோப்புகளுக்கு வேறு ஏதோ ஒரு தேதியைக் கடன் வாங்கி வரிசைக்குள் செருகுவதைவிட, ஒதுக்கி வைத்துவிட்டுக் கடைசியில் கையால் சேர்ப்பதே நல்லது. உறவினர்களிடம் படம் கேட்கும்போது டாக்குமெண்டாக அனுப்பச் சொன்னால் எடுத்த நேரம் அப்படியே வந்து சேரும். ஸ்கிரீன்ஷாட்டுகளையும் தனியே எடுத்துவிட வேண்டும். நடுப்பகலில் எடுத்த ஒரு டிக்கெட் ஸ்கிரீன்ஷாட் போதும் பாலம் போட.

கேமரா கடிகாரம் தவறாக இருப்பதைப் பற்றி நிறையப் பேர் கவலைப்படுகிறார்கள். ஐந்து நிமிடம், பத்து நிமிடம் தவறினால் ஒன்றுமில்லை. ஒரே கேமராவில் எடுத்த படங்கள் எல்லாம் ஒரே அளவு தள்ளிப்போவதால் அவற்றின் இடைவெளிகள் அப்படியே இருக்கும். வரம்பு மணிக்கணக்கில் இருப்பதால் இன்னொரு போனின் படங்களோடு கலந்தாலும் பெரும்பாலும் தாங்கும். முற்பகல், பிற்பகல் மாறி வைத்த கடிகாரம் வேறு விஷயம். பன்னிரண்டு மணி நேரம் தள்ளிப்போய்விடும். இரண்டு கருவிகளின் படங்களைக் கலப்பதற்கு முன் இரண்டிலும் இருக்கும் ஒரே தருணத்தைத் தேடிப் பிடியுங்கள். கேக்கில் கத்தி படும் நொடி போல ஒன்று. இரண்டு நேரங்களின் வித்தியாசத்தை ஒரு கருவியின் எல்லாப் படங்களுக்கும் கூட்டிவிட்டால் சரியாகிவிடும்.

வெளிநாட்டுப் பயணத்திலும் இதே தொல்லை வேறு உருவில் வரும். சிங்கப்பூர் நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னே. போகும்போது விமான நிலையத்துக்கும் அங்கே எடுத்த முதல் படத்துக்கும் உள்ள இடைவெளி இரண்டரை மணி நேரம் கூடுதலாகத் தெரியும், திரும்பும்போது அதே அளவு குறைவாகத் தெரியும். எந்த நேர மண்டலம் என்பதையும் எழுதுவதற்கு எக்ஸிஃப் விதிகளில் 2016-இல்தான் இடம் கிடைத்தது. அதற்கு முந்தைய படங்களில் அந்தத் தகவலைத் தேடிப் பயனில்லை.

ஆகவே, வெட்டு விழ வேண்டிய இடத்தில் விழவில்லை என்றால் வரம்பை மாற்ற அவசரப்படக் கூடாது. அந்த மௌனத்துக்குள் எந்தக் கோப்பு உட்கார்ந்திருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். அது வீடியோவாகவோ வாட்ஸ்அப் படமாகவோ இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

## இடைவெளிக்கு எட்டாதவை

முகூர்த்தம் முடிந்து மண்டபத்திலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போய் பிறந்த குழந்தையைப் பார்த்துவிட்டு வந்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நடுவே இருபது நிமிடம்தான். கல்யாணமும் குழந்தையும் ஒரே ஃபோல்டரில்தான் விழும். நேரத்தை மட்டும் பார்க்கும் முறையால் இதைப் பிரிக்க முடியாது. படத்தில் இடக்குறிப்பும் பதிவாகியிருந்தால் அது உதவும். இல்லையென்றால் நாம்தான் பிரிக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறானதும் உண்டு. அக்கா மதுரையில் திருவிழாவில் இருக்கிறார், மாமா அதே இரவு கோவையில் அலுவலக விருந்தில் இருக்கிறார். இரண்டு போன்களின் படங்களையும் ஒரே வரிசையில் கொட்டினால் ஒருவருடைய மௌனத்தை மற்றவருடைய படங்கள் நிரப்பிவிடும். வெட்டு எங்கும் விழாது. ஒவ்வொரு போனையும் தனித்தனியே பிரித்துவிட்டு, ஒரே நிகழ்வில் இருவரும் இருந்த கட்டுகளை மட்டும் பிறகு சேர்ப்பதே சரியான வரிசை.

## ஃபோல்டரில் போடும்போது

நேரடியாகக் கோப்புகளை நகர்த்தாமல் முதலில் ஒரு பட்டியல் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கட்டும் எப்போது தொடங்கி எப்போது முடிகிறது, எத்தனை படம் என்ற மூன்று விவரம் போதும். ஒரே படம் உள்ள கட்டுகள் நிறைய இருந்தால் வரம்பு சிறியது, அல்லது நேரம் தவறிய கோப்புகள் நடுவே இருக்கின்றன. ஒரு கட்டு ஒரு வாரத்துக்கு நீண்டால் எங்கோ பாலம் இருக்கிறது. பட்டியல் சரியான பிறகு நகலெடுத்துப் போட்டுப் பார்த்து, பிறகு மூலத்தைத் தொடலாம்.

ஃபோல்டர் பெயரைத் தொடக்க நாளில் ஆரம்பியுங்கள்: `2024-04-22 சித்திரைத் திருவிழா`. வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் எழுதினால் பெயர்வரிசைப்படி அடுக்கும்போதே காலவரிசையும் வந்துவிடும். நள்ளிரவைத் தாண்டிய நிகழ்வுக்கும் தொடங்கிய நாளே பெயர். அக்காவின் லேப்டாப்பில் தல்லாகுளத்து நான்கு படங்களும் இப்போது அந்த ஃபோல்டருக்குள் ஒன்றாக இருக்கின்றன, 23:52-க்கு அடுத்து 00:09.